வீடு ஆர்ட பேரில?

கல்முனையில், படியேறிப் போகவேண்டிய ஒரு வங்கிக் கிளையில், வீட்டுக்கடன் மேசையில் என் ஆயுளின் நல்ல பங்கு போயிற்று. என் வேலை கடன் கொடுப்பது என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடுகளில் எனக்கு இரண்டு துண்டு இறைச்சி கூடுதலாக விழுந்ததற்கு அதுதான் காரணம். உண்மையில் கடன் கொடுப்பது கொழும்பில் இருக்கும் தலைமைக் காரியாலயம். கொடுத்த கடனை விளங்கப்படுத்துவதுதான் என் வேலை. அனுமதிக் கடிதம் வந்ததும் ஆளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, ஆங்கிலத்தில் இருப்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழில் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டலை நம்பக்கூடாது என்று விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது. விளங்கிய பிறகும் என்ன செய்ய? ஆடுகிற தலையைப் பிடித்து நிறுத்தவா முடியும்?

சண்டை முடிந்த கையோடு தலைமைக் காரியாலயத்துக்குக் கிழக்கு மாகாணத்தின் மேல் திடீரென்று அன்பு வந்தது. அதுவரை எங்கள் பக்கத்துக் காணி என்றால் மதிப்பீட்டாளர் வரவே யோசிப்பார். இப்போது கொடுங்கள், கொடுங்கள் என்று சுற்றறிக்கைக்கு மேல் சுற்றறிக்கை. வீதித் தடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சீமெந்து லொறிகள் தங்கள் பாட்டில் வந்துபோயின. சுனாமிக்குப் பிறகு கொட்டில்களிலும் சொந்தக்காரர் வீட்டு மூலைகளிலும் ஒதுங்கிக் கிடந்த சனம் ஒவ்வொருவராக எங்கள் படியேறத் தொடங்கியது. எனக்கு அப்போதே களைத்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு பேருக்கு அதே கடிதத்தை அதே வரிசையில் வாசித்தால் வாய் உலரும், மனமும் உலரும்.

அப்படி ஒரு காலத்தில் வந்தவர்தான் இந்தச் சாரதி. நீர்ப்பாசனக் கந்தோரில் ஜீப் ஓட்டுபவர். பொறியியலாளரை ஏற்றிக்கொண்டு சாகாமம் குளத்துக்கும் சவளக்கடை வாய்க்கால்களுக்கும் ஓடி ஓடி, ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் முழங்கைவரை கறுத்துப்போயிருந்தது. நாற்பதை நெருங்கிய வயது. கல்யாணம் முடிக்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வயதில் ஒருவர் தனியாக இருந்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் தங்கச்சி இருக்கிறாள் என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுவார். வாப்பா இருந்தால் அவர் கட்டிக்கொடுப்பார், இல்லாவிட்டால் அண்ணன்மார், அதாவது காக்காமார் கட்டவேண்டும். தங்கச்சிக்குச் சுவர் எழும்பும்வரை, எனக்கும் ஒரு பெண் பாருங்கள் என்று சொல்லக் காக்காவுக்கு வெட்கம் வரும். நானும் அப்படிப் பெட்டியோடு போனவன்தான். முப்பது வருடமாக என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். கோபம் வந்தால் அவ, "வாசல் கேற்ற மெல்லச் சாத்திப்போட்டு வாங்க, என்ட வீட்டுக் கேற்று அது" என்பா. சிரித்துக்கொண்டுதான் சொல்லுவா, ஆனாலும் சொல்லுவா.

சாரதியின் வாப்பாவையும் உம்மாவையும், உம்மாவின் சீதன வீட்டையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. மிஞ்சியது அத்திவாரமும் ஒரு கிணற்றுக் கட்டும். அந்தக் காணி கரைக்கு மிகக் கிட்ட. திரும்பக் கட்ட விடவில்லை. வீடு கொடுக்கும் பட்டியலில் ஒரு தடவை பெயர் வந்ததாம், அடுத்த தடவை இல்லையாம். முதலில் தகரக் கொட்டில். பிறகு உம்மாவின் தங்கை, சாச்சியின் வீட்டில் நெல் மூட்டை போடும் பின்னறை. அதில் தங்கச்சி படுப்பாள், இவர் வெளியே விறாந்தையில். இப்போது சாச்சியின் மகளுக்கும் கல்யாணம் பேசியாயிற்று. அறையை விடுங்கள் என்று சாச்சி வாயால் சொல்லவில்லை. நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கத் தொடங்கினாவாம்.

தங்கச்சிக்கும் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணைப் பிடித்துவிட்டது, வீட்டைக் காட்டுங்கள் என்றார்கள்.

காட்டுவதற்கு ஒரு வீடும் அகப்பட்டிருந்தது. பிரதான வீதிக்கு மேற்கே, கடலை விட்டு நன்றாக உள்ளே, வாசல் நிலைக்கு மேலே லிண்டல் மட்டம்வரை சுவர் எழும்பி, கூரையில்லாமல் நின்ற வீடு. ஒரு நெல் வியாபாரி தன் மகளுக்காகக் கட்டத் தொடங்கியது. கடல் வந்த அன்றைக்கு மகள் கரையோரத்தில் கூட்டாளியின் வீட்டுக்குப் போயிருந்தாள். அதற்குப் பிறகு அவர் ஒரு கல்லும் வைக்கவில்லை. சுவரில் கொடி படர்ந்தது. இப்போது மகனோடு கொழும்பில் போய் இருக்கப் போகிறார். கடைக்காரர் ஒருவர் சாமான் போடும் அறையாக்கக் கூடுதல் விலை சொல்லியும் கொடுக்கவில்லை. "பொம்புளப்புள்ள ஒண்டு இருக்கிறதுக்கெண்டா தாறன்" என்று சாரதிக்குக் குறைத்துக் கொடுக்கச் சம்மதித்தார். முற்பணம் வாங்கி உடன்படிக்கையும் எழுதினார்கள். குறித்த நாளுக்குள் மிச்சத்தைக் கொடுக்காவிட்டால் முற்பணம் போய்விடும். அந்த முற்பணம் சாரதியின் இருபது வருடச் சேமிப்பு.

கடிதம் வந்த அன்று அவர் வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு வந்தார்.

"காசு எத்தினை மணிக்குச் சேர் தருவாங்க?" என்று இருக்கும் முன்னமே கேட்டார்.

"இண்டைக்கு ஒரு சதமும் இல்ல காக்கா. இருங்க" என்றேன்.

முகம் விழுந்துவிட்டது. கடிதத்தில் தொகை கொட்டை எழுத்தில் இருக்கிறது; அதைக் கையில் கொடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இவ்வளவுவரை தரச் சம்மதம் என்றுதான் அந்தக் கடிதம் சொல்கிறது. என்னென்ன நடந்தால் தருவோம் என்பதை அதற்குக் கீழே உள்ள பக்கங்கள் சொல்கின்றன. இதைச் சொல்லும்போது நான் எப்போதும் ஒரே மாதிரி, இடது கையால் தொகையை மறைத்துக்கொள்ளுவேன். கண் அங்கேயே நின்றால் காது வேலை செய்யாது.

வட்டி வீதத்தைச் சொன்னேன். அது மாறும் என்பதையும் சொன்னேன். வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"சேர், மார்க்கத்தில இது கூடுமா கூடாதா?"

"அந்தக் கேள்விக்கு இந்த மேசையில பதில் இல்ல காக்கா. நான் இதுலதான் சம்பளம் எடுக்கிறன். என்னக் கேக்கிறதும் சரியில்ல."

நிமிர்ந்து கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "அறையில நெல்லு மூட்ட கூரைவரைக்கும் வந்திட்டு சேர். வாசிங்க" என்றார்.

வாசித்தேன். சம்பளம் எங்கள் கிளைக் கணக்குக்கு வரவேண்டும். இரண்டு பிணையாளிகள் கையெழுத்து வைக்க வேண்டும். கடன் முடியும் முன் அவர் மௌத்தானால் மிச்சத்தைக் கட்டுவதற்கு அவருடைய உயிர்மேல் ஒரு காப்புறுதி, வீட்டுக்கு ஒரு காப்புறுதி. காணியின் பழைய உறுதிப் பத்திரங்களையெல்லாம் வங்கியின் சட்டத்தரணி தோண்டிப் பார்த்துச் சுத்தம் என்று எழுதித்தர வேண்டும். வீதி அகலிப்புக்குள் காணி விழவில்லை என்று உள்ளூராட்சி சபையின் சான்றிதழ், சபை அங்கீகரித்த வீட்டு வரைபடம். எல்லாவற்றுக்கும் செலவு அவருடையது, கடனில் கழிக்கமாட்டோம். குறித்த காலத்துக்குள் கடனை எடுக்கத் தொடங்காவிட்டால் கடிதம் செல்லாமல் போகும்.

பிறகு, எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனை. "காணியும் வீடும் முதல்ல உங்கட பேருக்கு உறுதி எழுதுப்படவேணும். எழுதின கையோட அதே இருப்பில நீங்க அத வங்கிக்கு ஈடு வெச்சுக் கையெழுத்து வைப்பீங்க. அதுக்குப் பிறகுதான் காசோல வித்தவர்ட கைக்குப் போகும். உங்கட கைக்கு இல்ல. கடன் முடியிறமட்டும் வீட்ட நீங்க ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்க ஏலா. விளங்கிச்சா?"

"ஓம் சேர்."

"உங்கட பேருக்கு."

"ஓம் ஓம்."

கட்டங்களுக்கு வந்தேன். இவருடைய கடன் நாலு துண்டு. முதலாவது, விற்பவருக்குச் சேரவேண்டிய மிச்சம். மீதி மூன்றும் வேலைக்கு. ஈட்டு உறுதி காணிப் பதிவகத்தில் பதிவாகி, இவர் தன் காசில் சுவரைக் கூரை மட்டத்துக்கு உயர்த்தி, எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து எழுதினால் கூரைக்கு இரண்டாவது துண்டு. கூரை ஏறியதைப் பார்த்தால் பூச்சுக்கும் நிலத்துக்கும் கதவு ஜன்னலுக்கும் மூன்றாவது. கரண்ட், தண்ணி, கக்கூஸ் எல்லாம் முடிந்து ஆள் குடியிருக்கலாம் என்று எழுதினால்தான் கடைசித் துண்டு. எடுத்த காசுக்கு மட்டும் மாதாமாதம் வட்டி. முழுவதும் எடுத்த பிறகு முதலும் வட்டியுமாகத் தவணை. கூரைக்குத் தந்த காசில் கல்யாணச் சாப்பாடு போட்டால் மூன்றாவது துண்டு வராது என்றும் சொன்னேன். அதை எல்லோருக்கும் சொல்லுவேன். ஒருவர் அப்படிப் போட்டார், சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, நானும் போயிருந்தேன்.

சாரதி சிரித்தார். இரண்டு பிரதியிலும் சம்மதம் என்று கையெழுத்து வைத்தார். படியிறங்கும்போது ஒரு தடவை கடிதத்தை மூக்கில் வைத்து மணந்ததைக் கண்டேன்.

உறுதி எழுதும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வங்கியின் சட்டத்தரணி காரைதீவுப் பெண். அவருடைய கந்தோரில் இருந்தோம். காசோலை என் பைக்குள். வியாபாரி மகனுடன் வந்திருந்தார். சாமான்களை ஏற்றிய வான் வெள்ளிக்கிழமை கொழும்புக்குக் கிளம்புகிறது. உடன்படிக்கையின் கெடுவும் அந்த வெள்ளிக்கிழமைதான். விற்பனை உறுதியை எழுதிக்கொண்டு வந்தவர் சாரதியின் பக்கத்து நொத்தாரிசு, ஊரில் பாதிச் சீதன உறுதிகளை எழுதிய முதியவர். வரைவை முன்னமே அனுப்பச் சொல்லி மூன்று முறை ஆள் விட்டிருந்தோம். நேரே கொண்டுவாறன் என்றாராம், கொண்டுவந்தார்.

சட்டத்தரணி கண்ணாடியை மேலே தள்ளி வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். வாங்குபவரின் இடத்தில் தங்கச்சியின் பெயர் இருந்தது.

"இது ஆர்?" என்றார்.

"என்ட தங்கச்சிதான் மிஸ்" என்றார் சாரதி. முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "அவக்குத்தானே வீடு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "காக்கா, உங்கட பேருக்கெண்டு நான் எத்தினை தரம் செல்லியிருக்கன்?"

"செல்லினீங்க சேர். இல்லெண்டா செல்லல. கடன் என்ட பேரிலதானே. சம்பளத்தில வெட்டுற என்ட. வீட்ட எப்பிடி சேர் ஆம்பிளைக்கு எழுதுற?"

முதிய நொத்தாரிசு, "அதானே, எங்கட ஊர்ல ஆர் எழுதுற?" என்று ஒத்துப்பாடினார். அவரை எனக்கு அந்த இடத்திலேயே பிடிக்காமல் போயிற்று. ஆனால் யோசித்தால் அவர் சொன்னதும் உண்மைதான். அந்த மேசையைச் சுற்றி இருந்த எங்கள் ஊர் ஆம்பிளைகள் யாருக்கும் சொந்தமாக ஒரு கூரை இல்லை. சாரதி சாச்சியின் விறாந்தையிலிருந்து, மற்ற எல்லோரும் மனைவிமாரின் வீடுகளிலிருந்து எழும்பி வந்திருந்தோம்.

சட்டத்தரணி நிதானமாகச் சொன்னார். வீடு தங்கச்சியின் பெயரில் எழுதப்பட்டால் காக்காவால் அதை ஈடு வைக்க முடியாது. தன்னுடையது இல்லாததை எப்படி ஈடு வைப்பது? தங்கச்சி தன் வீட்டைக் காக்காவின் கடனுக்காக ஈடு வைக்கலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் அனுமதிக் கடிதத்தில் அப்படி இல்லை. மாற்றவேண்டும் என்றால் எல்லாத் தாள்களும் திரும்பக் கொழும்புக்குப் போய், புதிதாக அனுமதி வரவேண்டும்.

"எவ்வளவு நாளாகும்?" என்று வியாபாரியின் மகன் கேட்டார்.

"கெதியா வந்தாலும் மூணு கிழம" என்றேன். மூன்று வாரத்தில் வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அப்போது வியாபாரி முதல்முறையாக வாய் திறந்தார். "இவர்ட பேருக்கு எழுதுறெண்டா நான் ஏன் குறைச்சுக் குடுக்க? பொம்புளப்புள்ளைக்கெண்டுதானே தந்தன்." வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்று எழும்பிப் போனார். காசோலையைத் திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டகத்தில் வைத்தேன். இரும்புக் கதவைச் சாத்தும்போது எல்லோர் மேலும் எரிச்சலாக இருந்தது, முதலில் என் மேல், பிறகு கடிதத்தின் மேல், பிறகு ஊரின் மேல்.

அடுத்த நாள் சாரதி வந்தார், பின்னால் தங்கச்சி. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவள், கதிரையின் நுனியில் இருந்தாள். முப்பது வயது இருக்கும். இரவு முழுக்க வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது இருவரின் கண்ணிலும் தெரிந்தது.

"மாப்பிள வீட்டாக்களுக்கு விசயம் போயிட்டு சேர்" என்றார் சாரதி. "பிள்ளைட பேரில இல்லாட்டி நாங்க யோசிக்கோணும் எண்டுறாங்க. மூணு கிழம பொறுங்க எண்டு வியாபாரியக் கேட்டுப் பாக்கட்டா?"

"சேர்" என்று தங்கச்சி குறுக்கிட்டாள். "எனக்கும் ஒருக்கா வாசிச்சிக் காட்டுவீங்களா? எனக்கு ஒருத்தரும் வாசிச்சிக் காட்டல."

அன்று காலை ஏற்கனவே இரண்டு பேருக்கு வாசித்துவிட்டேன். தொண்டை கரகரத்தது. ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. யாருக்காக இத்தனையும் நடந்ததோ அவளை நான் அதுவரை கண்டதேயில்லை. சாரதி பிரதியைத் தந்தார். முதல் வரியிலிருந்து தொடங்கினேன். அவள் தலையாட்டவில்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"காக்காக்கு ஒண்டு நடந்தா?"

"காப்புறுதி கட்டும். வீடு மீளும்."

"எனக்கு ஒண்டு நடந்தா?"

"அதுக்கும் இதுக்கும் தொடர்பில்ல தங்கச்சி. கடன் அவர்ட."

"காக்காட வேல போனா?"

"தவணை நிண்டா முதல்ல கடிதம் போடுவம், கதைப்பம், காலம் குடுப்பம். கடைசிவரைக்கும் கட்டாட்டி வங்கி வீட்ட விக்கும். ஈடெண்டா அதுதான்."

"இப்ப என்ட பேருக்கு மாத்திக் கேட்டா, கட்டாயம் தருவாங்களா?"

"கட்டாயமெண்டு செல்ல ஏலா. புதுசாப் பாப்பாங்க. உங்களுக்கு வருமானம் இல்ல. ஏன் உங்கட வீட்ட அவர்ட கடனுக்கு வெக்கிறீங்க, விளங்கித்தான் வெக்கிறீங்களா எண்டு கேப்பாங்க. தரவும் கூடும், தராமலும் விடக் கூடும்."

"அதுக்குள்ள வெள்ளிக்கிழம போயிரும்."

"ஓம்."

"போனா காக்காட முற்காசும் போயிரும்."

"உடன்படிக்கையில அப்பிடித்தான் இரிக்கி."

மின்விசிறி மேசைத் தாள்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கையால் அவற்றை அமத்திப் பிடித்தாள்.

"காக்கா, உங்கட பேருக்கே எழுதுங்க" என்றாள்.

சாரதி எழும்பிவிட்டார். "பைத்தியமா புள்ள? மாப்பிள வீட்டாக்கள் என்ன செல்லுவாங்க?"

"வீட்டப் பாத்து வாறவங்க வீட்டயே முடிக்கட்டும்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "கலியாணம் போனா இன்னொண்டு வரும், வராட்டியும் போகட்டும். இருபது வருசம் ஓடின காசு போனா உங்களுக்கு இன்னொரு இருபது வருசம் இரிக்கா? சாச்சிட நெல்லுக்குள்ள எனக்கு இனிப் படுக்க ஏலா."

அவர் அழுதார். வங்கி மேசையில் ஆம்பிளைகள் அழுவதை நான் கண்டிருக்கிறேன், அநேகமாகக் கடன் கிடைக்காதபோது. கிடைத்த கடனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவர் இவர் ஒருவர்தான். நான் பிளேன்ரீ கொண்டுவரச் சொல்லி ஆள் விட்டேன்.

வியாபாரியிடம் போனதும் அவள்தான். நான் அங்கே இல்லை. பிறகு சட்டத்தரணி சொல்லித்தான் தெரியும். "பேர் கடுதாசில காக்காட. அதுக்குள்ள அடுப்பு மூட்டுறவ நான்தான். உங்கட மகளுக்கெண்டு வெச்ச அறையில நான்தான் படுப்பன்" என்றாளாம். அவர், கிணற்றடியில் ஒரு தோடை மரம் நிற்கிறது, மகள் வைத்தது, வெட்டிவிடாதே என்று மட்டும் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்கு முன்னமே கையெழுத்து முடிந்தது. வாங்குபவர் இடத்தில் சாரதியின் பெயர். அடுத்த நிமிடமே ஈட்டு உறுதியிலும் அவருடைய கை. காசோலையை வியாபாரியிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமலே மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். வெளியே வான் நின்றது. சாரதி ஒரு மையித்து அடக்கக் காத்திருக்கும் வீட்டில் நிற்பவரைப்போல் நின்றார். அவர் பெயரில் ஒரு வீடு எழுதியாயிற்று. ஊரில் யாரும் அவருக்கு வாழ்த்துச் சொல்லவில்லை.

சம்பந்தம் அந்தக் கிழமையே கலைந்தது. மரியாதையாகத்தான் கலைத்தார்கள், பலகாரத் தட்டோடு ஆள் அனுப்பி.

அதன் பிறகு கட்டங்கள். சாரதி லீவு நாட்களில் தானே கல்லும் மண்ணும் சுமந்தார். சுவர் கூரை மட்டத்துக்கு வந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு நானும் போய்ப் பார்த்தேன். தங்கச்சி தோடை மரத்தடியில் அடுப்பு மூட்டிக் கொத்தனார்மாருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். கூரைக் காசை விடுவித்தோம். ஓட்டு விலை அப்போது தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தது. ஓடு போடாமல் தகடு போட்டார்கள். தகடென்றாலும் கூரைதான் என்று உத்தியோகத்தர் எழுதினார். மூன்றாவது துண்டையும் கொடுத்தோம். இடையில் ஒவ்வொரு மாதமும் எடுத்த அளவுக்கு வட்டி, சம்பளத்திலிருந்து பிந்தாமல் வந்தது.

இடைக்கிடை சம்பந்தக்காரர்களும் வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, நிலத்தைத் தட்டிப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, கடைசியில் "வீடு ஆர்ட பேரில?" என்பார்களாம். "காக்காட பேரில" என்று தங்கச்சியே உள்ளேயிருந்து சொல்லுவாளாம். கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவார்களாம். இதைச் சாரதி ஒரு பகிடி மாதிரித்தான் எனக்குச் சொன்னார். சொல்லி முடித்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"பிறகு மாத்த ஏலாதா சேர்?" என்று கேட்டார்.

"வேல முழுக்க முடியட்டும். மறுகா, தங்கச்சிக்கு எழுதிக் குடுத்து அவவே ஈடு வெக்கிறதுக்கு வங்கிட சம்மதம் கேட்டு எழுதலாம். நான் எழுதித் தாறன். கிடைக்குமெண்டு வாக்குத் தர ஏலா. இல்லாட்டிக் கடன் முடியிறமட்டும் பொறுக்கணும்."

"கடன் முடிய நான் பென்சன் சேர்."

"ஓம்" என்றேன்.

அவருக்கும் ஒரு பெண் பார்க்கலாம் என்று யாரோ கதை எடுத்தார்களாம். அது இன்னும் வேடிக்கையாக முடிந்தது. தங்கச்சியை ஒரு இடத்தில் குடுக்காமல் இவர் எப்படிப் பெண் வீட்டுக்குப் போவார்? போனால் இந்த வீட்டுத் தவணையை யார் சம்பளத்தில் கட்டுவது? வீடு ஒருவருக்கும் சீதனமாகவில்லை, இருவரையும் பிடித்து வைத்துக்கொண்டது. சட்டம் எழுதிக்கொடுத்த சொந்தக்காரன், வழக்கப்படி வீட்டை விட்டுப் போகவேண்டியவன்.

கடைசிக் கட்டத்தைப் பார்க்கப் போன அன்று மழை இருட்டு. உத்தியோகத்தர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், பைப்பைத் திறந்து பார்த்தார், கக்கூஸில் தண்ணி ஊற்றிப் பார்த்தார். ஆட்கள் குடியிருக்கத் தகுந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் சாரதியிடம் கடைசித் துண்டுக்கான பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கினேன்.

"உங்கட வீடு உங்கட பேரிலயா சேர்?" என்று திடீரென்று கேட்டார்.

"இல்ல காக்கா. மனிசிட பேரில."

"குடுத்து வெச்சவர்" என்றார்.

அதுவரை அந்தக் கேற்றைப் பற்றிய பகிடி எனக்குக் கொஞ்சம் குத்தும். அன்றோடு குத்துவது நின்றுவிட்டது.

தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்கு ஏனோ அவள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவள் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, பெயரை மாற்றுவதைப் பற்றியும் கேட்கவில்லை. புதுக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை ஒரு தரம் போட்டாள், எடுத்தாள், திரும்பப் போட்டாள்.

"கடலுக்குப் பிறகு இண்டைக்குத்தான் சேர் உள்ளுக்குப் பூட்டிட்டுப் படுக்கப் போறம்" என்றாள். "இனி ஒருத்தரும் எழும்புங்கெண்டு செல்ல ஏலாதானே?"

தவணை நின்றால் சொல்லலாம் என்று கடிதத்தில் இருக்கிறது. நான் அவளுக்கு வாசித்துக் காட்டியதுதான். அவளும் மறந்திருக்கமாட்டாள்.

"ஏலா தங்கச்சி" என்றேன்.